ஆப்பின் மேல் எத்தனை அம்புகள்?

ஒப்பமான கிடைத் தளத்தின் மேல் ஓர் ஆப்பு. அதன் சாய்முகத்தில் ஒரு துணிக்கை. ஆப்பின் உச்சியில் சிறிய ஒப்பமான கப்பி. கப்பியின் மேலாகச் செல்லும் இலேசான நீட்டமுடியாத இழையின் மறுமுனையில் இன்னொரு துணிக்கை தொங்குகிறது. தொகுதி ஓய்விலிருந்து விடுவிக்கப்படுகிறது. ஆப்பின் ஆர்முடுகலைத் துணிவதற்குப் போதிய சமன்பாடுகளைப் பெறுக.

இலங்கையில் க.பொ.த. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்தவர்களுக்கு இந்த வரிகள் பழக்கமானவை. இணைந்த கணிதம் இரண்டாம் வினாத்தாளின் பகுதி B இல் ஏழு வினாக்கள் வரும். ஐந்துக்கு விடை எழுத வேண்டும். அந்த ஏழில் ஆப்பும் துணிக்கையும் கப்பியும் கொண்ட வினா ஏதாவது ஒரு வடிவில் திரும்பத் திரும்ப வருகிறது. ஓர் ஆண்டு கோணம் மாறும், இன்னோர் ஆண்டு திணிவு மாறும், வேறோர் ஆண்டு சாய்முகத்துக்குப் பதிலாக வளைந்த முகம் இருக்கும். கடந்தகால வினாத்தாள்களை அடுக்கி வைத்துப் பார்த்தால், வினாவின் எலும்புக்கூடு ஒன்றுதான்.

"போதிய சமன்பாடுகளைப் பெறுக" என்ற கட்டளையைக் கவனிக்க வேண்டும். சமன்பாடுகளைத் தீர்க்கும்படி வினா கேட்கவில்லை. எழுத வேண்டியதெல்லாம் சரியான சமன்பாடுகள் மட்டுமே. அந்தச் சமன்பாடுகள் பிறப்பது ஒரே இடத்தில், விடைத்தாளில் மாணவர் வரையும் விசைப்படத்தில். படத்தில் ஓர் அம்பு குறைந்தால் சமன்பாட்டில் ஓர் உறுப்பு குறையும். அதன்பிறகு எவ்வளவு கவனமாக எழுதினாலும் அது வேறொரு தொகுதியின் சமன்பாடுதான்.

விசைப்படம் என்பது வினாத்தாளில் தரப்பட்ட உருவத்தின் பிரதி அன்று. தொகுதியிலிருந்து ஒரே ஒரு பொருளைப் பிரித்தெடுத்துத் தனியே வரைந்து, அதன் மேல் மற்றவை செலுத்தும் விசைகளை மட்டும் அம்புகளாகக் காட்டும் படம் அது. அந்தப் பொருள் பிறவற்றின் மேல் செலுத்தும் விசைகளுக்கு அதில் இடமில்லை. அம்புகளை ஊகித்துப் போடத் தேவையில்லை. இந்தப் பொருளை எவையெவை தொடுகின்றன என்று கேட்டு, ஒவ்வொரு தொடுகைக்கும் ஒரு விசையைக் குறித்து, கடைசியில் பொருளின் சொந்த நிறையைச் சேர்த்தால் கணக்கு முடிந்துவிடும். தொடுகை கரடானதாக இருந்தால் மட்டும் அங்கே உராய்வுக்கு இன்னோர் அம்பு வேண்டும்.

கப்பி இல்லாத எளிய வடிவத்தில் இதைச் செய்து பார்க்கலாம். ஆப்பின் திணிவு 2m. அதன் சாய்முகம் வலப்பக்கமாகக் கீழிறங்கி, கிடையுடன் 30° அமைக்கிறது. அதில் திணிவு m உடைய துணிக்கை. எல்லா முகங்களும் ஒப்பமானவை.

துணிக்கையைத் தொடுவது ஆப்பு மட்டுமே. எனவே இரண்டே அம்புகள்: கீழ்நோக்கி நிறை mg, சாய்முகத்துக்குச் செங்குத்தாக, முகத்திலிருந்து விலகும் திசையில் மறுதாக்கம் R. ஆப்பைத் தொடுபவை துணிக்கையும் தளமும். எனவே மூன்று அம்புகள்: தன் நிறை 2mg, தளம் மேல்நோக்கித் தரும் N, துணிக்கை முகத்தின் உள்நோக்கி அழுத்தும் R. துணிக்கையின் மேல் ஆப்பு செலுத்தும் அதே R தான் இது; திசை மட்டும் நேரெதிர். எழுத்து மாறக்கூடாது, அம்பு திரும்ப வேண்டும். 1687 இல் வெளிவந்த நூலில் நியூற்றன் சொன்ன மூன்றாம் விதியை விசைப்படத்தில் எழுதும் முறையே இதுதான்.

பலர் வழுக்குவது ஆப்பின் படத்தில். துணிக்கை ஆப்பின் மேல்தானே இருக்கிறது என்று எண்ணி, அதன் நிறை mg ஐயும் ஆப்பின் மேல் கீழ்நோக்கி வரைந்துவிடுகிறார்கள். துணிக்கையின் நிறை துணிக்கையின் மேல் தாக்கும் விசை. ஆப்புக்கு வந்து சேர்வது R மட்டுமே. இரண்டையும் வரைந்தால் ஒரே அழுத்தத்தை இருமுறை எண்ணியதாகும்.

அடுத்தது ஆர்முடுகல், அதாவது வேகம் மாறும் வீதம். ஆப்பு இடப்பக்கம் A என்ற ஆர்முடுகலுடன் நகர்கிறது. துணிக்கை ஆப்பு தொடர்பாக, சாய்முகத்தின் வழியே கீழ்நோக்கி f என்ற ஆர்முடுகலுடன் சறுக்குகிறது. நியூற்றனின் இரண்டாம் விதிக்குத் தேவைப்படுவது தளம் தொடர்பான ஆர்முடுகல். ஆகவே துணிக்கைக்கு f ஐ மட்டும் குறித்தால் போதாது. ஆப்போடு சேர்ந்து இடப்பக்கம் போகும் A யும் அதற்கு உண்டு. இவற்றை விசை அம்புகளோடு கலக்காமல், பக்கத்தில் சிறிய படமாகவோ இரட்டை முனை அம்பாலோ காட்டுவது வழக்கம். அந்த வழக்கத்துக்கு வலுவான காரணம் இருக்கிறது. ma ஐ ஒரு விசையாக எண்ணிப் படத்தில் வரைந்தவர், சமன்பாட்டின் இரு பக்கத்திலும் அதையே எழுதிவிடுவார்.

இனிச் சமன்பாடுகள். துணிக்கைக்குச் சாய்முகத்தின் வழியே கீழ்நோக்கி:

mg sin 30° = m(f − A cos 30°)

துணிக்கைக்குச் சாய்முகத்துக்குச் செங்குத்தாக, உள்நோக்கி:

mg cos 30° − R = mA sin 30°

ஆப்புக்கு இடப்பக்கமாக:

R sin 30° = 2mA

தேர்வு இங்கே நின்றுவிடும். ஆனால் படம் சரியா என்று சோதிக்க, பயிற்சியின்போது ஒருமுறை தீர்த்துப் பார்ப்பது நல்லது. A = √3g/9, f = 2g/3, R = 4√3mg/9 என்று வருகின்றன.

R இன் பெறுமானத்தில் சற்று நிற்க வேண்டும். அசையாத சாய்தளத்தில் R = mg cos 30°, அதாவது ஏறத்தாழ 0.87mg. இங்கே கிடைத்ததோ 0.77mg. சறுக்கும் துணிக்கைக்கு அடியிலிருந்து முகமே விலகிப் போவதால் அழுத்தம் குறைகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் அசையாத சாய்தளங்களைப் போட்டுப் போட்டுப் பழகிய கை, படத்தில் R என்று எழுத வேண்டிய இடத்தில் தன்னையறியாமல் mg cos 30° என்று எழுதிவிடுகிறது. அது பெயரிடுவதில் நேரும் பிழை. இன்னும் தெரியாத விசைக்கு ஓர் எழுத்தைத்தான் பெயராக இட வேண்டும். அதன் பெறுமானத்தைச் சமன்பாடு சொல்லட்டும்.

தளம் ஆப்பின் மேல் தரும் N ஐயும் பார்க்கலாம். ஆப்பு நிலைக்குத்தாக அசைவதில்லை. எனவே N = 2mg + R cos 30° = 8mg/3. மொத்த நிறை 3mg. தளம் தாங்குவது அதைவிட mg/3 குறைவு. துணிக்கையின் நிலைக்குத்து ஆர்முடுகல் கீழ்நோக்கி f sin 30°, அதாவது g/3. குறைந்த அளவும் சரியாக mg/3. துணிக்கையின் நிறையை ஆப்பின் படத்தில் சேர்த்தவருக்கு இது பொருந்தாது. அவரது N மொத்த நிறையைவிட அதிகமாக, 11mg/3 ஆக வரும். கீழிறங்கிக்கொண்டிருக்கும் துணிக்கை தளத்தின் சுமையைக் கூட்டுகிறது என்று படம் சொன்னால், படத்தில்தான் பிழை.

இப்போது கப்பியைச் சேர்க்கலாம். கடந்தகால வினாக்களில் புள்ளிகள் அதிகம் உதிர்வது இந்த இடத்தில்தான்.

ஆப்பின் இடப்பக்க முகம் நிலைக்குத்தானது. சாய்முகம் முன்போலவே வலப்பக்கம் 30° இல் இறங்குகிறது. உச்சியில் ஆப்புடன் பொருத்தப்பட்ட இலேசான ஒப்பமான கப்பி. சாய்முகத்தில் 4m திணிவுள்ள P. இடப்பக்க முகத்தைத் தொட்டபடி தொங்குகிறது m திணிவுள்ள Q. ஆப்பின் திணிவு 7m. P யின் நிறையின் சாய்முக வழிக் கூறு 2mg. Q வின் நிறை mg. ஆகவே P கீழே சறுக்கும், Q மேலேறும், ஆப்பு இடப்பக்கம் நகரும்.

P யைத் தொடுபவை ஆப்பும் இழையும். நிறையையும் சேர்த்தால் 4mg, R, இழுவை T என மூன்று அம்புகள். Q வைத் தொடுபவை இழையும் ஆப்பின் நிலைக்குத்து முகமும். ஆப்பு இடப்பக்கம் நகரும்போது அந்த முகம் Q வைத் தன்னோடு தள்ளிச் செல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் தள்ளலுக்கு S என்று பெயரிட்டால் Q வுக்கும் மூன்று அம்புகள்: mg, T, S. இந்த S ஐ விட்டுவிடுபவர்கள் பலர். Q வெறுமனே மேலும் கீழும் போகிறது என்று கண் சொல்கிறது. ஆனால் ஆப்போடு சேர்ந்து அது இடப்பக்கமும் போகிறது, அப்படிப் போக ஒரு விசை வேண்டும்.

இரண்டு மறுதாக்கங்களுக்கும் R என்ற ஒரே எழுத்தைப் போடுவது இன்னொரு பிழை. ஒரே எழுத்து என்றால் ஒரே பருமன் என்று பொருள். சாய்முகத்து மறுதாக்கமும் நிலைக்குத்து முகத்து மறுதாக்கமும் சமம் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. T யின் கதை வேறு. இழை இலேசானது, கப்பி ஒப்பமானது என்று வினா சொல்லியிருப்பதால்தான் இரு பக்கத்திலும் ஒரே T போடுகிறோம். இழைகள் இரண்டு என்றால் T₁, T₂ என்று பிரிக்க வேண்டும்.

ஆப்புக்கு வருவோம். அதைத் தொடுபவை தளம், P, Q. இத்துடன் நிறுத்துபவரின் படத்தில் 7mg, N, R, S என்று நான்கு அம்புகள் இருக்கும். ஆனால் கப்பி ஆப்போடு பொருத்தப்பட்டிருக்கிறது. ஆப்பைப் பிரித்தெடுக்கும்போது கப்பியும் அதனோடு வருகிறது. அப்போது கப்பியின் இருபுறமும் இழை வெட்டுப்படுகிறது. வெட்டிய ஒவ்வோர் இடத்திலும் இழை கப்பியை T என்ற விசையால் தன்பக்கம் இழுக்கும். ஒன்று Q வை நோக்கி நிலைக்குத்தாகக் கீழே, மற்றது P யை நோக்கிச் சாய்முகத்தின் வழியே கீழே. கிணற்றில் வாளியை இழுக்கும்போது கப்பியைத் தாங்கும் குறுக்குமரம் வாளியின் சுமையோடு இழுப்பவரின் இழுப்பையும் சேர்த்துத் தாங்குவதைப் போல, இந்த ஆப்பும் இரண்டு இழுவைகளையும் தாங்குகிறது. ஆக, ஆப்பின் மேல் அம்புகள் ஆறு.

ஆப்புக்கு இடப்பக்கமாகச் சமன்பாடு:

R sin 30° − T cos 30° − S = 7mA

மற்றவை முன்பு போலத்தான்:

4mg sin 30° − T = 4m(f − A cos 30°)

4mg cos 30° − R = 4mA sin 30°

T − mg = mf

S = mA

தெரியாதவை ஐந்து, சமன்பாடுகளும் ஐந்து. தீர்த்தால் f = g/4, T = 5mg/4, A = √3g/24 என வருகின்றன.

கப்பியின் மேலான இழுவைகளை மறந்தவருக்கு என்ன கிடைக்கும்? அவருடைய ஆப்புச் சமன்பாட்டில் T cos 30° இருக்காது. மற்ற நான்கும் சரி. அவருக்கு A = √3g/9 என்று வரும். உண்மையான விடையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். பார்ப்பதற்கு அழகான விடையாக இருப்பதால் அவருக்கு எந்தச் சந்தேகமும் எழாது. இதுதான் இந்தப் பிழையின் ஆபத்து.

பிழையைக் காட்டிக்கொடுக்க ஒரு வழி உண்டு. தளம் ஒப்பமானது; எனவே முழுத் தொகுதியின் மேலும் கிடையாகத் தாக்கும் வெளிவிசை எதுவும் இல்லை. இடப்பக்கம் போகும் ஆப்பும் Q வும் கொண்ட திணிவு × ஆர்முடுகல், வலப்பக்கம் போகும் P யின் திணிவு × ஆர்முடுகலுக்குச் சமமாக வேண்டும்:

8mA = 4m(f cos 30° − A)

சரியான விடைகளை இட்டால் இரு பக்கமும் √3mg/3. கப்பியை மறந்தவருக்கு f = g/3 என்று வந்திருக்கும்; அவருடைய இடப்பக்கம் 8√3mg/9, வலப்பக்கம் 2√3mg/9. ஒன்று மற்றதைப் போல நான்கு மடங்கு. விசைப்படங்களை எண்கள் இல்லாமலும் இதேபோல் சோதிக்கலாம். மூன்று பொருள்களின் கிடைச் சமன்பாடுகளையும் கூட்டினால் R, S, T எல்லாம் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு மறைய வேண்டும். T மட்டும் எஞ்சி நின்றால் கப்பி விடுபட்டிருக்கிறது. S எஞ்சினால் Q வின் தொடுகை ஏதோ ஒரு படத்தில் இல்லை.

முழுத் தொகுதிக்கும் கிடையாக எழுதும் அந்தச் சமன்பாட்டையே ஆப்பின் சமன்பாட்டுக்குப் பதிலாக நேரடியாக எழுதும்படி பல ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல வழிதான், உள் விசைகள் எதுவும் அதில் தலைகாட்டா. நேரமும் மிச்சம். ஆனால் அது ஒப்பமான தளத்துக்கு மட்டுமே அப்படி வரும். தளம் கரடானது என்று வினா மாறிய உடனே உராய்வு என்ற வெளிவிசை நுழைந்துவிடும். ஆப்பு நகரும்போது அந்த உராய்வு N ஐப் பொறுத்தது. ஆப்பின் படத்திலிருந்து N ஐ எழுதினால் 7mg + R cos 30° + T + T sin 30° என்று கப்பியின் இரு இழுவைகளும் அதில் வந்துவிடும். ஆகவே குறுக்குவழியை மட்டும் பழகியவர், ஆறு அம்புப் படத்தை ஒருமுறையாவது முழுமையாக வரைந்து பார்த்திருக்க வேண்டும். மேலே எடுத்த ஒப்பமான தொகுதியில் N இன் பெறுமானம் 11.75mg. மொத்த நிறை 12mg என்பதோடு ஒப்பிட்டால், P இறங்குவதும் Q ஏறுவதும் சேர்ந்து தளத்தின் சுமையை 0.25mg குறைத்திருப்பது தெரியும்.

S என்ற அம்புக்கும் ஒரு வரம்பு உண்டு. P யின் திணிவு 2m ஐவிடக் குறைவானால் Q கீழிறங்கும், ஆப்பு வலப்பக்கம் நகரும். அப்போது நிலைக்குத்து முகம் Q விடமிருந்து விலகி ஓடுகிறது. முகம் தள்ள மட்டுமே முடியும், இழுக்க முடியாது. Q பின்தங்கும், இழை சாயத் தொடங்கும், மேலே எழுதிய சமன்பாடுகள் பொருந்தாமல் போகும். Q ஆப்பில் வெட்டிய ஒடுங்கிய நிலைக்குத்துத் துளையினுள் இருப்பதாக வினா சொன்னால் மட்டும் S எந்தப் பக்கமும் வரலாம். அதனால்தான் இத்தகைய வினாக்களில் Q எங்கே, எதைத் தொட்டபடி இருக்கிறது என்ற சொற்றொடரை அவசரமாகக் கடந்து போகக் கூடாது.

வரையும் விதத்திலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாய்முகத்து நிறையைக் கண்டதும் mg ஐயும், அதன் இரு கூறுகளையும் ஒரே படத்தில் கனமான அம்புகளாக வரைந்துவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அப்படி வரைந்தால் ஒரு நிறைக்கு மூன்று அம்புகள் ஆகிவிடும். சமன்பாடு எழுதும்போது கூறும் முழு நிறையும் சேர்ந்து நுழைய வாய்ப்புண்டு. கூறுகள் வேண்டுமானால் புள்ளிக்கோட்டால் குறிக்கலாம். அதைவிட நல்லது, அம்புக்கும் திசைக்கும் இடையிலான 30° ஐப் படத்தில் எழுதி, கூறாக்குவதைச் சமன்பாட்டில் செய்வது.

கோலும் ஏணியும் வரும் சமநிலை வினாக்களில் அம்பு எங்கிருந்து புறப்படுகிறது என்பதும் முக்கியமாகிவிடும், ஏனெனில் அங்கே திருப்பம் எடுக்க வேண்டும். சீரான ஏணியின் நிறை நடுப்புள்ளியில் தாக்கும். ஏணியின் முனை சுவரைத் தொட்டால் மறுதாக்கம் சுவருக்குச் செங்குத்து. ஏணியின் உடல் ஒரு முளையில் சாய்ந்திருந்தால் அது ஏணிக்குச் செங்குத்து. கரடான தரையில் உராய்வை F என்று குறித்து விட்டுவிட வேண்டும். வழுக்கும் தறுவாயில் இருக்கிறது என்று வினா சொல்லாதவரை F = μR என்று எழுதக் கூடாது.

ஆப்பு வினாவைப் பயிலும்போது விடைத்தாளைப் புரட்டாமலே படத்தைச் சோதிக்க இன்னொரு வழியும் இருக்கிறது. தரப்பட்ட திணிவுகளை மாற்றி, தொகுதி அசையாமல் நிற்க வேண்டிய ஒரு நிலையை இட்டுப் பார்க்கலாம். மேலேயுள்ள தொகுதியில் P யின் திணிவை 2m ஆக்கினால் இரு பக்கமும் சமன்படுகின்றன. P, Q, ஆப்பு எதுவும் அசையக் கூடாது. அப்போது T = mg, R = √3mg, S = 0. ஆறு அம்புப் படத்தில் ஆப்பின் கிடை விசை R sin 30° − T cos 30°. இரண்டும் √3mg/2 ஆக இருப்பதால் வித்தியாசம் பூச்சியம். நான்கு அம்புப் படத்திலோ √3mg/2 எதிர்ப்பாரின்றி நிற்கும். ஓய்வில் இருக்க வேண்டிய ஆப்பு தானாக இடப்பக்கம் நகரத் தொடங்கும்.